வறட்சி தாங்கும் நெல்லுக்கு எந்த வழி: வேரா, கடன் வாங்கிய qDTY-யா, நம் நாட்டு ரகமா?

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் புழுதி விதைப்பாக நெல் போடுகிறவர்களுக்கு ஆவணி, புரட்டாசி பெரிய கவலை இல்லை. கவலை மார்கழியில்தான். வடகிழக்குப் பருவமழை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். பயிர் அப்போது பொதிப் பருவத்திலோ பூவிலோ இருக்கும். பத்து நாள் காய்ந்தால் கதிர் வெளியே வரத் திணறும், வந்ததிலும் பாதி பதராகும்.

அந்தப் பகுதிக்காக வேலை செய்யும் ஒரு நெல் விஞ்ஞானியை நினைத்துக்கொள்வோம். அவர் கையில் ஒரு ரகம் இருக்கிறது. உழவர்களுக்கு அதன் அரிசி பிடிக்கும், வியாபாரி விலை கொடுக்கிறார். ஆகவே ரகத்தை மாற்றாமல், அதற்குள் வறட்சி தாங்கும் குணத்தை மட்டும் புகுத்தவேண்டும். எந்தக் குரோமோசோம் துண்டு எந்தப் பெற்றோருடையது என்று காட்டும் டிஎன்ஏ மார்க்கர் வசதி உண்டு, பணமும் ஆளும் குறைவு. அவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. இளம் ஆய்வாளர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான் என்பதால் என் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் கியூடிஎல் என்ற ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். வறட்சியில் விளைச்சல் என்பது ஒரு மரபணுவின் வேலை அல்ல. பல இடங்களில் பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் குறைத்தும் வருகிற மொத்தம் அது. அப்படிப்பட்ட ஓர் இடத்தைத்தான் கியூடிஎல் என்கிறோம். கண்டுபிடிக்கும் முறை எளிது. இரண்டு ரகங்களைக் கலந்து, ஒற்றை விதை வழியில் ஆறேழு தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால் சில நூறு வரிசைகள் நிலைபெறும். ஒவ்வொன்றும் இரு பெற்றோரின் குரோமோசோம் துண்டுகளை வெவ்வேறு விதமாகத் தைத்த ஒட்டுப்போர்வை. அவற்றைத் தண்ணீரோடும் தண்ணீர் இல்லாமலும் வளர்த்து விளைச்சலை எடைபோடவேண்டும். பிறகு ஒவ்வொரு மார்க்கருக்கும், முதல் பெற்றோரின் துண்டை வைத்திருக்கும் வரிசைகள் ஒரு பக்கம், இரண்டாமவரின் துண்டை வைத்திருப்பவை மறுபக்கம் எனப் பிரித்து சராசரியை ஒப்பிடவேண்டும். சராசரிகள் தற்செயலாக வரமுடியாத அளவுக்கு விலகும் இடத்தில் கியூடிஎல் இருக்கிறது.

வேர் வழி

முதலில் எல்லோரும் போன வழி இது. ஆழமாக வேர் விட்டால் கீழே உள்ள ஈரத்தை எடுக்கும், ஆகவே வேருக்குக் கியூடிஎல் தேடு என்றார்கள். தர்க்கம் சரிதான். மேட்டுநில ரகமான அசுசீனாவின் வேர்த் துண்டுகளை ஐஆர் 64 ரகத்துக்குள் மார்க்கர் உதவியோடு மாற்றிய முயற்சியின் முடிவு 2001இல் வந்தது. சில வரிசைகளில் வேர் நீண்டது, சிலவற்றில் நீளவில்லை. அதே அசுசீனாவிலிருந்து நான்கு வேர்க் கியூடிஎல்களைக் கலிங்கா 3 என்ற ரகத்துக்கு மாற்றினார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, அந்த நான்கில் 9ஆம் குரோமோசோமில் இருந்த ஒரே துண்டுதான் புதிய உடலிலும் வேரைத் தெளிவாக நீட்டியது. நான்குக்கு ஒன்று. ஆனாலும் அந்த வேலையிலிருந்து பிர்சா விகாஸ் தான் 111 என்ற ரகம் 2009இல் ஜார்க்கண்டில் வெளிவந்தது. ஆகவே வீண் என்று சொல்லமாட்டேன்.

பிறகு 2013இல் ஜப்பானில் யுசாகு உகா குழு DRO1 மரபணுவையே பிரித்தெடுத்தது. கினாண்டாங் பதோங் என்ற பிலிப்பைன்ஸ் மேட்டுநில ரகத்தில் அது வேரைச் செங்குத்தாக இறங்கவைக்கிறது. ஐஆர் 64-இல் அதன் டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்று விடுபட்டுப்போனதால் வேர் ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் படர்கிறது. நல்ல வடிவத்தைத் திரும்பக் கொடுத்தபோது வறட்சியில் விளைச்சல் காக்கப்பட்டது. கியூடிஎல்லிலிருந்து மரபணு வரை இவ்வளவு சுத்தமாக முடிந்த கதை வறட்சி ஆய்வில் அரிது.

அப்படியென்றால் DRO1-ஐ எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வயலில் கீழே ஈரம் இருக்கிறதா? தொளி அடித்த வயல்களில் ஏர் முனைக்குச் சற்றுக் கீழே மண் தட்டாக இறுகியிருக்கும். அதைத் துளைக்காமல் வேர் ஆழம் போகாது. துளைத்தாலும் கீழே ஈரம் இல்லாவிட்டால் செடி வேருக்குச் செலவழித்த மாவுச்சத்துதான் மிச்சம். மார்கழியில் ஒரு மண் துளைப்பானோடு போய் 30 செ.மீ., 60 செ.மீ. ஆழத்து மண்ணை எடுத்துப் பாருங்கள். மேலே வெடித்துக் கிடக்கும்போது கீழே பிடித்தால் உருண்டையாகிற அளவுக்கு ஈரம் இருந்தால் வேர் வழி பொருந்தும். இல்லையென்றால் அடுத்த வழிக்கு வாருங்கள்.

கடன் வாங்கும் வழி

2000க்குப் பின் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் கேள்வியையே மாற்றியது. வேர், இலைச் சுருட்டல், இலை நீர்ச்சத்து என்று துணைப் பண்புகளைத் துரத்துவானேன், வறட்சியில் கிடைக்கும் நெல்லின் எடையையே நேராக மேப் செய்தால் என்ன என்று கேட்டார்கள். வறட்சியில் விளைச்சலை நம்பி அளக்கமுடியாது என்பது பழைய நம்பிக்கை. வறட்சியைக் கட்டுக்குள் கொண்டுவந்து அளந்தால் முடியும் என்று காட்டினார்கள். அதிலிருந்து வந்தவைதான் qDTY என்ற பெயரில் தொடங்கும் கியூடிஎல்கள். பின்னால் வரும் எண் குரோமோசோமைச் சொல்லும்.

2007இல் வந்த qDTY12.1 கதை எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தியாவின் வந்தனா, இந்தோனேசியாவின் வே ராரெம் இரண்டையும் கலந்து 436 வரிசைகளைக் கடும் வறட்சியில் பார்த்தார்கள். 12ஆம் குரோமோசோமின் ஒரே துண்டு, விளைச்சலில் இருந்த மரபு வேறுபாட்டில் 51 விழுக்காட்டை விளக்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், வறட்சி தாங்கும் ரகம் வந்தனா. நல்ல துண்டோ வறட்சியில் துவண்டுபோகும் வே ராரெமிலிருந்து வந்தது. கொடையாளி ரகம் வயலில் எப்படி நிற்கிறது என்பதை வைத்து அதற்குள் என்ன இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இப்படி வேறு ரகங்களில் கண்ட qDTY துண்டுகளை ஐஆர் 64 கடன் வாங்கியது. அதே ரகத்தின் உடலில் qDTY2.2, qDTY4.1 இரண்டையும் ஏற்றிய வரிசை 2014இல் இந்தியாவில் டிஆர்ஆர் தான் 42 என்று வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டிலும் இந்த வழியில் போயிருக்கிறார்கள். மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியில் qDTY1.1, qDTY2.1 இரண்டையும், கூடவே உப்புக்கும் வெள்ளத்துக்குமான கியூடிஎல்களையும் சேர்த்த வேலை 2020இல் வெளியானது.

மார்க்கர் இங்கே நேரத்தை எப்படி மிச்சப்படுத்துகிறது என்பதை ஒரு கணக்காகவே பார்ப்போம். நம் ரகத்தையும் கொடையாளியையும் கலந்து, வந்த செடியை மறுபடி நம் ரகத்தோடு கலந்து 100 விதை எடுக்கிறோம். இது முதல் பின்கலப்பு. நாற்று மூன்று இலை விட்டதும் இலைத் துணுக்கு கிள்ளி மார்க்கர் பார்த்தால் 50 செடிகளில் கியூடிஎல் இருக்கும். மற்ற 50-ஐ அன்றே பிடுங்கிப் போடலாம். வறட்சி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் முதல் லாபம்.

இரண்டாவது லாபம் பெரியது, ஆனால் பலர் கவனிப்பதில்லை. கியூடிஎல்லோடு ஒட்டிக்கொண்டு கொடையாளியின் வேண்டாத பகுதியும் வரும். அதை வெட்ட, இருபுறமும் குரோமோசோம் தூரத்தின் அலகில் 5 சென்டிமார்கன் தள்ளி ஒவ்வொரு மார்க்கர் வைக்கிறோம். ஒரு பக்கத்தில் அந்த இடைவெளிக்குள் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு ஏறக்குறைய 5 விழுக்காடு. இரண்டு பக்கத்தில் எதிலாவது நடந்தால் போதும் என்பதால் நம் 50 செடிகளில் சுமார் 5 கிடைக்கும். அவற்றில் மற்ற குரோமோசோம்களில் நம் ரகத்தின் பங்கு அதிகமாக உள்ளதைத் தேர்ந்து இரண்டாம் பின்கலப்புச் செய்கிறோம். இப்போது மறுபக்கம் வெட்டவேண்டும். மறுபடி 100 விதை, 50இல் கியூடிஎல், அவற்றில் இரண்டு மூன்று செடிகளை எதிர்பார்க்கலாம். ஒன்றுகூடக் கிடைக்காமல் போகும் ஆபத்து 0.95-ஐ 50 முறை பெருக்கினால் வரும்: சுமார் 8 விழுக்காடு. 150 விதை எடுத்தால் அது 2 விழுக்காடாகக் குறையும். ஐம்பது விதை கூடுதலாக எடுக்க இரண்டு மூன்று கதிரில் மகரந்தம் நீக்கும் வேலைதான். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மூன்றாம் பின்கலப்பில், மார்க்கர் பார்க்காவிட்டாலும், நம் ரகத்தின் பங்கு சராசரி 93.75 விழுக்காட்டுக்கு வந்துவிடும். மார்க்கரோடு தேர்ந்தால் அதே அளவை ஒரு பின்கலப்பு முன்னதாகவே எட்டலாம். அப்புறம் ஒரு தன்மகரந்தச் சேர்க்கை, அதில் கியூடிஎல் இரு பிரதியிலும் இருப்பவை நாலில் ஒன்று. இரண்டு கியூடிஎல் என்றால் பதினாறில் ஒன்று, மூன்று என்றால் அறுபத்து நான்கில் ஒன்று. ஆசையில் ஐந்து கியூடிஎல் சேர்க்கப் புறப்பட்டவர்கள் நாற்றங்காலில் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டு போதும் என்பது என் கட்சி. வருடத்துக்கு இரண்டு போகம் எடுத்தால் மூன்று, மூன்றரை ஆண்டில் வயல் சோதனைக்குத் தயார்.

இனி கடனுக்கான வட்டி. முதல் வட்டி, பெறும் ரகத்தின் உடல். qDTY1.1-ஐ என் 22 என்ற பழைய ரகத்திலிருந்து மூன்று ரகங்களில் பார்த்தார்கள். வறட்சியில் அதன் விளைவு சராசரி விளைச்சலில் ஸ்வர்ணாவில் 29.3 விழுக்காடு, ஐஆர் 64-இல் 24.3, எம்டியு 1010-இல் 16.1. துண்டு ஒன்றுதான், ரகத்துக்கு ரகம் பலன் ஏறக்குறைய பாதிக்குப் பாதி மாறுகிறது. உங்கள் ரகத்தில் எவ்வளவு என்பதை எந்தக் கட்டுரையும் சொல்லமுடியாது.

இரண்டாவது வட்டி, அக்கம்பக்கம். qDTY1.1-க்கு மிக அருகில்தான் நெல்லைக் குட்டையாக்கிய sd1 மரபணு இருக்கிறது. பசுமைப் புரட்சி ரகங்களில் அதில் 383 எழுத்துகள் விடுபட்டிருக்கும். என் 22 நெடிய ரகம். கவனிக்காமல் துண்டை மாற்றினால் வறட்சி தாங்கும் குணத்தோடு உயரமும் வந்துசேரும், நல்ல மழை ஆண்டில் பயிர் சாயும். வறட்சி தாங்கும் துண்டுகள் பலவும் வேண்டாத பண்புகளோடு ஒட்டியிருந்ததால்தான் நவீன ரகங்கள் வறட்சிக்கு மெலிந்தன என்று வாதிடுபவர்களும் உண்டு. இந்த ஒட்டைப் பிரித்த வரிசைகள் இப்போது இருக்கின்றன. ஆகவே என் 22-ஐ நேராகக் கொடையாளியாக வைக்காமல், பிரித்த வரிசையைக் கேட்டு வாங்குங்கள். எப்படியும் sd1-க்கான மார்க்கரை ஒவ்வொரு தலைமுறையிலும் கூடவே ஓட்டுங்கள்.

மூன்றாவது வட்டியை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. கியூடிஎல் இருக்குமிடம் ஒரு புள்ளி அல்ல, ஒரு நீளம். 10 சென்டிமார்கன் என்றால் நெல்லில் சுமார் 25 லட்சம் எழுத்துகள், இருநூறுக்கு மேல் மரபணுக்கள். உண்மையான மரபணு அதில் எங்கே என்று தெரியாது. சராசரிகள் அதிகம் விலகும் உச்சியில் உள்ள ஒரே மார்க்கரை நம்பி இருபுறமும் இறுக்கி வெட்டினால் மார்க்கர் பத்திரமாக வந்துசேரும், மரபணு வெளியே விழுந்திருக்கும். ஆய்வகத்தில் எல்லாம் சரி, வயலில் பலன் பூஜ்யம். இதைத் தவிர்க்க நீளத்துக்குள் மூன்று மார்க்கராவது வைத்து மூன்றும் கொடையாளியுடையதாக இருக்கும் செடியையே எடுக்கவேண்டும். வெட்டும் மார்க்கர்கள் அந்த நீளத்துக்கு வெளியே இருக்கவேண்டும். வெள்ளம் தாங்கும் Sub1-ஐ மாற்றியவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அது ஒரே பெரிய இடம், மரபணுவும் 2006இலேயே தெரிந்துவிட்டது. அந்த வெற்றியைப் பார்த்து வறட்சியும் அப்படியே என்று நினைப்பதுதான் பல திட்டங்களின் முதல் தவறு.

நம் நாட்டு ரகத்தில் தேடும் வழி

இராமநாதபுரத்தில் நூற்றிப்பத்து என்று ஒரு நாட்டு ரகம் உண்டு. மழை குறைந்த மண்ணிலேயே பிழைத்து வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அதை ஐஆர் 20-ஓடு கலந்து மேப் செய்திருக்கிறார்கள். 1ஆம் குரோமோசோமில் RM212, RM302, RM3825 மார்க்கர்களை ஒட்டிய பகுதி வறட்சியோடு தொடர்புடையது என்று அதில் வந்தது. நம் மண்ணில், நம் வறட்சியில், நம் ரகத்தில் கண்டது என்ற பெருமை இதற்கு உண்டு. அந்நிய ரகத்தின் பண்புகளைச் சுமக்கவேண்டாம் என்பதும் உண்மை.

ஆனால் விலை? வரிசைகள் நிலைபெற மூன்று ஆண்டு. இரண்டு மூன்று பருவம் வயல் சோதனை. அதன்பின்தான் மேலே சொன்ன பின்கலப்புக் கணக்கே தொடங்கும். மார்க்கர் செலவு இதில் சின்ன பங்கு. மொத்தப் பணமும் வயலில்தான் போகும், கெடுவதும் வயலில்தான்.

நான் மாணவனாக இருந்தபோது பார்த்த ஒரு சோதனை இது. நிலையத்தின் பெயர் வேண்டாம். தண்ணீரை வடித்து, வயல் வெடித்து, வரிசைகள் சுருண்டபோது எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி. ஒரு மூலையில் மட்டும் எல்லா வரிசையும் பச்சையாக நின்றது. பக்கத்து வாய்க்காலில் இருந்து கசிவு! நாங்கள் மேப் செய்திருந்தால் வாய்க்காலைத்தான் மேப் செய்திருப்போம். இதைத் தடுக்க வழி உண்டு. பத்து வரிசைக்கு ஒன்றாக ஒரே ரகத்தைத் திரும்பத் திரும்ப நடவேண்டும். வயலில் ஆங்காங்கே துளையிட்ட பிவிசி குழாய் இறக்கி நிலத்தடி நீர்மட்டம் பார்க்கவேண்டும். திரும்ப நட்ட அந்த ஒரே ரகத்தின் விளைச்சல் மூலைக்கு மூலை பெரிதாக மாறினால் அந்தப் பருவத்தின் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். தண்ணீர் விட்ட வயலோடு ஒப்பிட்டால் வறட்சி வயலின் சராசரி மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் விழுந்திருக்கவேண்டும். கால்வாசிதான் குறைந்தது என்றால் அது வறட்சிச் சோதனை அல்ல, சிக்கனப் பாசனம்.

இன்னொரு கண்ணி பூக்கும் நாள். 75ஆம் நாள் வறட்சி பிடிக்கிறது என்றால் 68இல் பூத்த வரிசை தப்பிவிடும், 78இல் பூப்பது மாட்டும். கணினியோ சீக்கிரம் பூக்கவைக்கும் மரபணுவை வறட்சி கியூடிஎல் என்று காட்டும். ஒரே இடத்தில் பூக்கும் நாளுக்கும் விளைச்சலுக்கும் உச்சி தெரிந்தால் சந்தேகப்படுங்கள். வரிசைகளைப் பூக்கும் நாள்வாரியாகக் குழுவாக்கி விதைப்பைத் தள்ளித் தள்ளிச் செய்யலாம். கணக்கில் பூக்கும் நாளைச் சரிக்கட்டினால், தண்ணீர் விட்ட வயலின் பூக்கும் நாளை எடுங்கள். வறட்சி வயலின் நாளை எடுக்காதீர்கள். வறட்சியால் துவண்ட வரிசை தாமதமாகவே பூக்கும் என்பதால், அதைச் சரிக்கட்டினால் வறட்சி தாங்கும் குணத்தையே கழித்துவிடுவீர்கள்.

எண்ணிக்கையும் முக்கியம். நூறு வரிசையில் கண்ட கியூடிஎல்லின் அளவு எப்போதும் ஊதிக்காட்டும். சிறிய கூட்டத்தில் தற்செயலும் சேர்ந்து உதவியவைதான் வரம்பைத் தாண்டித் தெரியும் என்பதே காரணம். ஐந்நூறுக்குப் பக்கத்தில் போனால் ஊதல் குறையும். நூறு வரிசைக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் இந்த வழியை விட்டுவிடுவது நல்லது. வறட்சியில் உச்ச விளைச்சல் தந்த வரிசைகளையும் அடிமட்டத்தையும் இரு கூட்டமாகச் சேர்த்து மார்க்கர் பார்க்கும் குறுக்குவழி செலவைக் குறைக்கும், வயல் வேலையைக் குறைக்காது.

மார்க்கரே இல்லாத வழி

இதைக் கடைசியில் வைத்தாலும் ஏளனமாக நினைக்கவேண்டாம். கிழக்கு இந்தியாவில் 2010 வாக்கில் வந்த சஹபாகி தான், மார்க்கர் துணையின்றி, வறட்சியில் விளைச்சலை நேராகப் பார்த்துத் தேர்ந்த ரகம். 105 நாள் வயது, வறட்சியில் நின்றது, மழை ஆண்டிலும் குறையவில்லை. புது ரகம் கொடுக்கத் தயார் என்றால் இது இன்றும் நேர்மையான வழி. ஏற்கெனவே உள்ள ரகத்தை அப்படியே வைத்திருக்கவேண்டும் என்ற நம் நிபந்தனைக்கு மட்டும் பொருந்தாது. நூற்றுக்கணக்கான மார்க்கர்களை ஒருங்கே வைத்து விளைச்சலைக் கணிக்கும் மரபணுத்தொகைத் தேர்வும் இதே வகைக் கேள்விக்கானது. பெரிய கலப்புத் திட்டம் நடத்தும் நிலையங்களுக்கு அது சரி, ஒரு ரகத்தைத் திருத்துபவருக்கு அதிகம்.

நான் எதைத் தேர்வேன்

நம் விஞ்ஞானிக்கு நான் கடன் வழியைத்தான் சொல்வேன், இரண்டு qDTY-யோடு நிறுத்திக்கொண்டு. நூற்றிப்பத்தை விடவேண்டாம், இரண்டாம் கட்டத்துக்கு வைக்கலாம். அதில் ஏற்கெனவே தெரிந்த qDTY இடங்களில் என்ன வடிவம் இருக்கிறது என்று ஒரு வாரத்தில் மார்க்கர் ஓட்டிப் பார்த்துவிடலாம். ஆனால் மார்க்கர் காட்டும் பட்டையின் அளவு ஒத்திருப்பதாலேயே மரபணுவும் ஒன்று என்று எழுதிவிடக்கூடாது. தெரிந்த இடங்களில் வேறுபட்டு, வறட்சியிலும் தொடர்ந்து நின்றால்தான் தனி வரைபடத்துக்குக் காசு செலவழிக்கலாம்.

அதற்கும் முன், கலப்பு எதுவும் செய்யாமல், ஒரு பருவத்தில் ஒரு சோதனை செய்வேன். ஐஆர் 64, டிஆர்ஆர் தான் 42 இரண்டின் விதையையும் கேட்டு வாங்குவேன். உடல் ஏறக்குறைய ஒன்று, வித்தியாசம் பெரும்பாலும் qDTY2.2, qDTY4.1 துண்டுகள். இராமநாதபுரத்து மண்ணில், இரண்டையும் அடுத்தடுத்து ஆறு முறை திரும்ப நட்டு, பத்து நாள் இடைவெளியில் இரண்டு விதைப்பு, ஒன்றாவது மார்கழி வறட்சியில் மாட்டும்படி. வறட்சியில் மாட்டிய விதைப்பில் டிஆர்ஆர் தான் 42 தெளிவாகக் கூடுதலாகக் கொடுத்தால் அந்தத் துண்டுகள் நம் வறட்சிக்கும் வேலை செய்கின்றன, கலப்பைத் தொடங்கலாம். சமமாக வந்தால், கலப்புக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மண் துளைப்பானை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவேன்.